பில் கையில் இருக்கிறது, 2பி-யில் இல்லை

மாதா மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு பட்டியல் தயாராகிறது. ஜிஎஸ்டிஆர்-2பி என்று அதற்குப் பெயர். கடைக்காரர்களும் கணக்கர்களும் சுருக்கமாக 2பி என்பார்கள். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு எந்தெந்த பில்லைக் காட்டினார்களோ, அவையெல்லாம் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும். அடுத்த ஆறு நாளில், அதாவது 20-ஆம் தேதிக்குள், நாம் 3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். வாங்கும்போது கொடுத்த வரியை விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்வதைத்தான் 'இன்புட் எடுப்பது' என்கிறோம். அதை எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்ய இடையில் இருப்பது இந்த ஆறு நாள்தான்.

ஜிஎஸ்டி தொடங்கிய 2017-இல் பில் கையில் இருந்தால் இன்புட் எடுத்துவிடலாம். 2019 அக்டோபரில் முதல் கட்டுப்பாடு வந்தது. சப்ளையர் காட்டிய தொகைக்கு மேல் 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். அந்த 20 சதவீதம் 2020 ஜனவரியில் 10 ஆனது, 2021 ஜனவரியில் 5 ஆனது, 2022 ஜனவரி 1 முதல் அதுவும் போய்விட்டது. இன்றைக்குச் சப்ளையர் காட்டாத பில்லுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பணம் கொடுத்து, சரக்கு இறக்கி, பில்லைக் கோப்பில் கோத்து வைத்திருந்தாலும் இதுதான் நிலை.

ஆகவே நம் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும். அதற்குத் தனி மென்பொருள்கள் விற்கிறார்கள். மாதம் சில நூறு பில் வரும் கடைக்கு எக்செல் போதும் என்பது என் கருத்து. ஆனால் எக்செலில் எந்தச் சூத்திரம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

திண்டுக்கல்லில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் மாதக் கணக்கு. கொள்முதல் பதிவேட்டின்படி கொடுத்த வரி 1,86,200 ரூபாய். 2பி-யின்படி 1,81,250 ரூபாய். வித்தியாசம் 4,950. ஏதோ ஒரு சின்ன பில் விட்டுப்போயிருக்கும், அடுத்த மாதம் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் இப்படித்தான் ஏமாறுவோம். இந்த 4,950-க்குள் நான்கு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 14,400 ரூபாய். வேறொன்று நமக்கு எதிர்த்திசையில் 9,000 ரூபாய். பில் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலொழிய இவை வெளியே வரா.

இரண்டு தாள்

ஒரே எக்செல் கோப்பில் இரண்டு தாள் திறந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு `Books`, இன்னொன்றுக்கு `Portal` என்று பெயர். முதலாவதில் டேலியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ எடுத்த கொள்முதல் பதிவேடு. இரண்டாவதில் தளத்திலிருந்து இறக்கிய 2பி. இரண்டு தாளிலும் பத்திகள் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும்: A-யில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண், B-யில் பெயர், C-யில் பில் எண், D-யில் தேதி, E-யில் சரக்கு மதிப்பு, F, G, H-இல் மூன்று வகை வரிகள், I-யில் அவற்றின் கூட்டுத்தொகை. `Portal` தாளில் மட்டும் K பத்தியில் அது எந்த மாத 2பி என்று எழுதி வையுங்கள்.

அந்த மாதப் பத்தி தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் போட்ட பில்லைச் சப்ளையர் அக்டோபர் கணக்கில் காட்டியிருக்கலாம். அக்டோபரை மட்டும் அக்டோபரோடு ஒப்பிட்டால், போன மாதம் 'இல்லை' என்று விழுந்த பில் இந்த மாதம் எதிர்ப்பக்கத்தில் 'கூடுதல்' என்று விழும். இரண்டும் ஒரே பில் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் தொடங்கி நிதியாண்டு முழுவதையும் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தாளிலும் அடுக்கிக்கொண்டே போனால் இந்தத் தொல்லை இல்லை.

2பி கோப்பின் மேற்பகுதியில் பல கட்டங்களை இணைத்துத் தலைப்பு போட்டிருப்பார்கள். அதை நீக்கிவிட்டு ஒரே வரிசையில் தலைப்பு வையுங்கள். சப்ளையர் நமக்குத் தந்த கிரெடிட் நோட்டுகள் அதே கோப்பில் வேறொரு தாளில் இருக்கும். அவற்றையும் கொண்டுவந்து கீழே ஒட்ட வேண்டும். ஆனால் அங்கே தொகை கூட்டல் குறியோடுதான் இருக்கும். நமக்கு அது வரியைக் குறைக்கும் தாள் என்பதால் கழித்தல் குறி போட்டுக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் 900 ரூபாய்க் கிரெடிட் நோட்டு 1,800 ரூபாய் வித்தியாசமாக வந்து நிற்கும்.

சூத்திரம் எழுதத் தொடங்குமுன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மென்பொருளிலிருந்து இறக்கிய தொகைகள் சில சமயம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு 3,600 என்றுதான் தெரியும். ஆனால் SUMIFS எழுத்தாக இருக்கும் தொகையைக் கூட்டாது, பிழை என்றும் சொல்லாது. பேசாமல் தாண்டிப் போய்விடும். கட்டத்தில் தொகை இடப்பக்கம் ஒட்டி நின்றாலோ, மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தாலோ சந்தேகப்படலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள I பத்தியை SUM போட்டுப் பாருங்கள். தளத்தில் காட்டும் மொத்தத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பில்லின் அடையாளம்

எதை வைத்து ஒப்பிடுவது? பில் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 112 என்ற எண்ணில் பத்துச் சப்ளையர்கள் பில் போட்டிருப்பார்கள். சட்டப்படி பில் எண் ஒரு வியாபாரிக்கு ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான். ஆகையால் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டவைத்து ஓர் அடையாளம் உருவாக்க வேண்டும். இரண்டு தாளிலும் J பத்தியில் இதை எழுதி இறுதிவரை இழுத்துவிடுங்கள்:

```
=UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(A2&"|"&C2,CHAR(160),"")," ",""))
```

இது ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டுகிறது, இடைவெளிகளை நீக்குகிறது, எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்குகிறது. CHAR(160) என்பது இணையத்திலிருந்து நகலெடுக்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் ஒருவகை இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். ஆனால் எக்செலின் TRIM அதைத் தொடாது. 'எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை' என்று கணக்கர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்களில் இது பாதிக்கு மேல் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பில் எண்ணில் உள்ள சாய்கோடு, சிறுகோடு ஆகியவற்றையும் சேர்த்து நீக்கிவிடச் சிலர் சொல்வார்கள். முதல் சுற்றிலேயே அதைச் செய்யாதீர்கள். 1/12 என்ற பில்லும் 11/2 என்ற பில்லும் கோட்டை நீக்கினால் 112 என்று ஒன்றாகிவிடும். இரண்டு பில் ஒரே பில்லாகத் தோன்றுவது, ஒரே பில் இரண்டாகத் தோன்றுவதைவிட ஆபத்து. பின்னது நம் கண்ணில் படும், முன்னது படாது.

எக்செலே பில் எண்ணை மாற்றிவிடுவதும் உண்டு. 5-10 என்ற பில் எண் கோப்பைத் திறந்தவுடன் ஒரு தேதியாகிவிடும். 2E5 என்பது 2,00,000 ஆகிவிடும். 0457 முன்னால் இருக்கும் சுழியை இழந்து 457 ஆகும். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது இது நடக்கிறது. தரவு இறக்கும் வழியாகத் திறந்து, பில் எண் பத்தியை எழுத்து வகை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தப்பிக்கலாம்.

இருக்கிறதா, எவ்வளவு

இப்போது சூத்திரங்களுக்கு வருவோம். ஒப்பீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த பில் 2பி-யில் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால் எவ்வளவு வரி காட்டியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. தேடல் சூத்திரமான VLOOKUP அல்லது XLOOKUP முதல் கேள்விக்கு நல்ல பதில் தரும். இரண்டாவது கேள்விக்கு அதை நம்பக்கூடாது. SUMIFS இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் தரும், முதல் கேள்விக்குத் தராது.

நம் திண்டுக்கல் கடையின் ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். அதே பில்லில் குளியல் சோப்பு 40,000 ரூபாய்க்கு, வரி 5 சதவீதம், 2,000 ரூபாய். சலவைத் தூள் 25,000 ரூபாய்க்கு, வரி 18 சதவீதம், 4,500 ரூபாய். கொள்முதல் பதிவேட்டில் வரி வீதத்துக்கு ஒன்றாக இது இரண்டு வரிசைகளாக இருக்கிறது. 2பி-யில் 6,500 என்று ஒரே வரிசை. தேடல் சூத்திரம் போட்டால் முதல் வரிசைக்கு எதிரே 6,500 வரும், 4,500 வித்தியாசம் என்று தோன்றும். இரண்டாவது வரிசைக்கு எதிரேயும் அதே 6,500 வரும், 2,000 வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் வித்தியாசமே இல்லை. தலைகீழாக, 2பி பக்கம் இரண்டு வரிசை இருந்து நம் பக்கம் ஒன்று இருந்தால், தேடல் முதலில் கண்ட வரிசையோடு நின்றுவிடும். இரண்டாவது வரிசை இருப்பதே அதற்குத் தெரியாது.

SUMIFS அப்படி இல்லை. அந்த அடையாளம் உள்ள எல்லா வரிசைகளையும் கூட்டிச் சொல்லும். ஆகவே இரண்டு பக்கமும் அதைக் கொண்டே கூட்டிவிடுகிறோம். `Books` தாளின் K பத்தியில் நம் கணக்கின்படி அந்த பில்லின் மொத்த வரி, L பத்தியில் 2பி-யின்படி மொத்த வரி:

```
=SUMIFS(Books!$I:$I,Books!$J:$J,J2)
=SUMIFS(Portal!$I:$I,Portal!$J:$J,J2)
```

நம் பில்லின் இரண்டு வரிசைகளிலும் K-யில் 6,500, L-இல் 6,500. சிக்கல் தீர்ந்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரே பில்லின் தொகை இரண்டு வரிசையிலும் திரும்ப வருவதால் K, L பத்திகளைக் கீழே கூட்டி மொத்தம் போடக்கூடாது. மொத்தம் வேண்டுமென்றால் I பத்தியைத்தான் கூட்ட வேண்டும்.

SUMIFS-இன் குறை வேறிடத்தில் இருக்கிறது. பில் 2பி-யில் இல்லாவிட்டாலும் அது சுழி என்று சொல்லும். பில் இருந்து, வரித்தொகை சுழியாக இருந்தாலும், அல்லது தொகை எழுத்தாக இருந்தாலும் சுழி என்றே சொல்லும். இல்லாததற்கும் சுழிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எனவே இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்க்கும் COUNTIFS-இடம் விட்டுவிட்டு, M பத்தியில் முடிவை எழுதச் சொல்லலாம்:

```
=IF(COUNTIFS(Portal!$J:$J,J2)=0,"2பி-யில் இல்லை",
 IF(ABS(K2-L2)<=1,"சரி","தொகை வேறு"))
```

ஒரு ரூபாய் வரை வித்தியாசத்தைச் சரி என்று விட்டிருக்கிறேன். பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தில் இருவர் மென்பொருளும் வேறுவேறாக நடந்துகொள்வதால் இது வரும். பெரிய பில்களுக்கு வேண்டுமானால் இரண்டு ரூபாய் வையுங்கள். அதற்கு மேல் தாராளம் காட்ட வேண்டாம்.

தேடல் சூத்திரத்துக்கு இப்போது அதற்கேற்ற வேலை இருக்கிறது. பொருந்திய பில் எந்த மாத 2பி-யில் வந்தது என்று N பத்தியில் கொண்டுவரலாம். இன்புட்டை எந்த மாதம் எடுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். XLOOKUP எக்செல் 2021-இலும் சந்தாவில் வரும் எக்செலிலும் உண்டு. பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் இரண்டாவதைப் பயன்படுத்தலாம்:

```
=XLOOKUP(J2,Portal!$J:$J,Portal!$K:$K,"இல்லை")
=IFERROR(INDEX(Portal!$K:$K,MATCH(J2,Portal!$J:$J,0)),"இல்லை")
```

MATCH-இன் கடைசியில் இருக்கும் அந்தச் சுழியை விட்டுவிடாதீர்கள். VLOOKUP எழுதினால் அதன் கடைசியில் FALSE கட்டாயம் வேண்டும். இவற்றை எழுதாமல் விட்டால் எக்செல் அச்சாகப் பொருந்துவதைத் தேடாமல், வரிசைப்படி பக்கத்தில் வரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டிவிடும். பிழைச் செய்தி வராததால் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வோம்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். `Portal` தாளின் L பத்தியில்:

```
=IF(COUNTIFS(Books!$J:$J,J2)=0,"கணக்கில் இல்லை","உண்டு")
```

நடைமுறையில் இந்த இரண்டாவது பார்வையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நம் பதிவேட்டில் உள்ளது 2பி-யில் இருக்கிறதா என்று தேடுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நம் பெயரில் வந்திருந்தும் நாம் பதியாத பில், நமக்குச் சம்பந்தமே இல்லாத பில், இரண்டும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மிச்சத்தில் என்ன இருந்தது

வடிகட்டிப் பார்த்தால் அக்டோபரின் நூற்றுச் சொச்சம் பில்களில் மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. `Books` பக்கம் '2பி-யில் இல்லை' என்று இரண்டு: மதுரைச் சப்ளையரின் MD/0457, வரி 14,400, இன்னொருவரின் SV/1123/25-26, வரி 3,600. 'தொகை வேறு' என்று ஒரு தேயிலை பில். `Portal` பக்கம் 'கணக்கில் இல்லை' என்று மூன்று: 3,600-க்கு ஒன்று, 9,000-க்கு ஒன்று, 900 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட்டு.

இங்கேதான் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் பில் எண் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று கறாராக இருந்தோம். இப்போது மிச்சத்தை மிச்சத்தோடு மட்டும், பில் எண்ணை விட்டுவிட்டு, அதே சப்ளையர், அதே வரித்தொகை என்று பார்க்கலாம். `Books` தாளில் O பத்தியில்:

```
=COUNTIFS(Portal!$A:$A,A2,Portal!$L:$L,"கணக்கில் இல்லை",
 Portal!$I:$I,">="&K2-1,Portal!$I:$I,"<="&K2+1)
```

SV/1123/25-26 பில்லுக்கு எதிரே 1 என்று வந்தது. போய்ப் பார்த்தால் சப்ளையர் அதை SV1123/25-26 என்று ஒரு சாய்கோடு குறைவாக ஏற்றியிருக்கிறார். பில் ஒன்றுதான். அதைக் கண்ணால் உறுதிசெய்து, நம் தாளில் எண்ணைத் திருத்திவிட்டால் முடிந்தது. ஆனால் இந்தச் சுற்றின் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. வாரா வாரம் ஒரே அளவு சரக்கு, ஒரே தொகைக்கு அனுப்பும் சப்ளையர்கள் உண்டு. அங்கே தொகை பொருந்துவது எதையும் நிரூபிக்காது. தேதியையும் பார்க்க வேண்டும்.

தேயிலை பில்லில் நம் கணக்கில் வரி 1,800, 2பி-யில் 3,150. சரக்கு மதிப்பைப் பார்த்தால் நம் பக்கம் 36,000, அவர்கள் பக்கம் 63,000. வித்தியாசம் 27,000, அது ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது பேரேடு எழுதிய காலத்துக் கணக்கர்களின் பழைய சோதனை. இன்றைக்கும் அது உதவுகிறது. காகித பில்லை எடுத்துப் பார்த்தால் 63,000 என்றே இருக்கிறது. நாம் பதிந்ததுதான் தவறு. 1,350 ரூபாய் நமக்குக் கூடுதலாக வர வேண்டியது.

900 ரூபாய்க் கிரெடிட் நோட்டு, சப்ளையர் தந்த விலைத் தள்ளுபடிக்கானது. 5,000 ரூபாய் தள்ளுபடிக்கு 18 சதவீதம். தாள் இன்னும் கடைக்கு வந்து சேராததால் பதியவில்லை. அவர் தன் வரியைக் குறைத்துக்கொண்டால் நாமும் இன்புட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

9,000 ரூபாய் பில் திருச்சியிலிருந்து. 50,000 ரூபாய்ச் சரக்கு. கடையில் அப்படி ஒரு லோடு இறங்கவே இல்லை, இறக்குக் கூலிச் சீட்டிலும் இல்லை. சப்ளையரின் கணினியில் ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு வாடிக்கையாளர்களில் தவறான பெயரைத் தொட்டிருக்கிறார்கள். 2பி-யில் வந்துவிட்டதே, எடுத்துக்கொள்ளலாமே என்று கை நீளும். எடுக்கக் கூடாது. 2பி-யில் இருப்பது பல நிபந்தனைகளில் ஒன்றுதான். பில் கையில் இருக்க வேண்டும், சரக்கு வந்திருக்க வேண்டும் என்பவை அப்படியே இருக்கின்றன. 2024 அக்டோபர் முதல் தளத்தில் ஐஎம்எஸ் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இந்த பில்லை மறுத்துவிட வேண்டும். 14-ஆம் தேதிக்குப் பிறகு மறுத்தால் 2பி-யை மறுபடி கணக்கிடச் சொல்லிவிட்டுத்தான் 3பி-க்குப் போக வேண்டும்.

மிஞ்சியது அந்த மதுரை பில், 14,400. இதற்குச் சூத்திரம் உதவாது, தொலைபேசிதான் உதவும். பேசும்போது 'உங்க பில் வரலையே' என்று பொதுவாகச் சொன்னால் 'நாங்க ரிட்டன் போட்டாச்சே' என்றுதான் பதில் வரும். விவரத்தோடு கேட்க வேண்டும்.

"அண்ணே, திண்டுக்கல் கடையிலருந்து பேசுறேன். எம்டி 0457, அக்டோபர் 28 பில்லு, வரி மட்டும் பதினாலாயிரத்து நானூறு. 2பி-ல காணோம். எந்த மாசத்துல, எந்தக் கணக்குல ஏத்துனீங்கன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

"இருங்க தம்பி, பாக்குறேன். போட்டுருக்கே... ஆனா உங்க ஜிஎஸ்டி நம்பர் இல்லாம ஏறியிருக்கு. கவுண்டர் பில்லு மாதிரி பி2சி-ல போயிருச்சு."

அடிக்கடி நடப்பது இது. வாடிக்கையாளர் எண் இல்லாமல் ஏற்றிய விற்பனை யாருடைய 2பி-யிலும் வராது. சப்ளையர் வரி கட்டியிருந்தாலும் நமக்குப் பயன் இல்லை. அவர் நவம்பர் கணக்கில் பழையதைத் திருத்தி, நம் எண்ணோடு பில்லை ஏற்ற வேண்டும். அது டிசம்பர் 14-ஆம் தேதி வரும் 2பி-யில் தெரியும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

வேறு காரணங்களும் இருக்கலாம். சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருந்து, இடை மாதங்களில் பில் ஏற்றும் வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால், அக்டோபர் பில் ஜனவரி 14-ஆம் தேதிதான் கண்ணில் படும். அதில் அவர் மேல் தவறும் இல்லை. சப்ளையர் தாக்கலே செய்யாதவர் என்றால் கதை வேறு. மறு பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டிய ஆள் அவர்.

அந்த மாதிரி ஆட்களைத் தனியே கண்டுபிடிக்க SUMIFS இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். மூன்றாவது தாளில் சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண்களை A பத்தியில் ஒருமுறை மட்டும் எழுதி, நம் கணக்கில் வந்தும் 2பி-யில் வராத வரி எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் கேட்கலாம்:

```
=SUMIFS(Books!$I:$I,Books!$A:$A,A2,Books!$M:$M,"2பி-யில் இல்லை")
```

பெரிய தொகையை மேலே கொண்டுவந்து அடுக்கினால் யாரை முதலில் அழைப்பது என்று தெரிந்துவிடும்.

இப்போது அக்டோபருக்கு எவ்வளவு எடுக்கலாம்? நம் கணக்கு 1,86,200. அதில் மதுரை பில் 14,400-ஐக் கழித்து, தேயிலையில் 1,350-ஐக் கூட்டி, கிரெடிட் நோட்டு 900-ஐக் கழித்தால் 1,72,250. நம் பதிவேட்டை நம்பி எடுத்திருந்தால் 13,950 ரூபாய் அதிகம் எடுத்திருப்போம். 2பி-யை அப்படியே நம்பி எடுத்திருந்தால் 9,000 ரூபாய் அதிகம். இரண்டு மொத்தமும் தவறு, சரியான தொகை மூன்றாவதாக ஒன்று. அதிகம் எடுத்துப் பயன்படுத்திவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

மதுரை பில்லின் 14,400-க்கு வேறொரு ஆபத்து உண்டு. அதை யாரும் துரத்தாமல் விட்டால் போய்விடும். 2025-26 நிதியாண்டு பில்லுக்கான இன்புட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு சப்ளையர் திருத்தினாலும் கிடைக்காது. ஆகவே '2பி-யில் இல்லை' என்று விழும் வரிசைகளை மாத முடிவில் அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நிதியாண்டு முழுவதும் ஒரே கோப்பில் இருந்தால், புதிய மாத 2பி-யைக் கீழே ஒட்டியவுடன் பழைய மாத பில்லின் எதிரே 'சரி' என்று தானாக மாறும்.

இந்த முறைக்கு எல்லையும் இருக்கிறது. சப்ளையர் பில்லைக் காட்டினாரா என்பதை மட்டுமே இந்தத் தாள் சொல்லும். காட்டிய வரியை அவர் 3பி தாக்கல் செய்து கட்டினாரா என்பது இதில் தெரியாது. நிதியாண்டு முடிந்த பின் வரும் செப்டம்பர் 30 வரை அவர் அந்த 3பி-யைத் தாக்கல் செய்யவில்லை என்றால், நவம்பர் 30-க்குள் நாம் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே பெரிய சப்ளையர்களின் எண்ணைத் தளத்தில் போட்டு அவர்கள் தாக்கல் நிலவரத்தை அவ்வப்போது பார்ப்பது தனி வேலை.

இந்த வேலையை 14-ஆம் தேதிக்காகக் காத்திருந்து செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மாதக் கணக்கு வைத்திருக்கும் சப்ளையருக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி. அவர் பில்லைத் தளத்தில் ஏற்றிச் சேமித்தாலே அது நம் ஐஎம்எஸ் பக்கத்தில் தெரியத் தொடங்கிவிடும். எட்டாம் தேதி வாக்கில் ஒருமுறை ஒப்பிட்டு, காணாத பில்களின் எண், தேதி, தொகை, நம் ஜிஎஸ்டி எண் நான்கையும் சப்ளையருக்கு அனுப்பிவிடுங்கள். 11-ஆம் தேதிக்கு முன் சொன்னால் அவர் அந்த மாதக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். அதற்குப் பின் சொன்னால் நீங்கள் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.